கறவைப் பசுவுக்குக் காப்புறுதி: காதுத்தகடும் வைத்தியர் அத்தாட்சியும்

கமக்காரர்களே,

உங்களுள் பலர் வயலோடும் தோட்டத்தோடும் ஒன்றிரண்டு கறவைப் பசுக்களையும் வளர்த்து வருகின்றீர்கள். நெல் விற்ற பணம் போகத்துக்கு ஒருமுறை வரும். பால் விற்ற பணம் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் வரும். ஆதலால் இரண்டு பசுக்கள் உள்ள வீட்டில் ஒன்று இறந்துவிடின், அவ்வீட்டின் அன்றாட வருமானத்திற் பாதி அன்றே நின்றுவிடுகின்றது. மற்றொரு நல்ல பசுவை வாங்குதற்கு வேண்டிய பெருந்தொகையைச் சிறு கமக்காரர் கடன் வாங்காமல் தேடுவது அரிது. இந்நட்டத்தை ஈடுசெய்வதற்கே கால்நடைக் காப்புறுதி ஏற்பட்டுள்ளது.

ஆயினும், கட்டுப்பணம் செலுத்திய ஒரு காரணத்தால் மட்டும் நட்டஈடு கிடைத்துவிடாது. இறந்த பசு காப்புறுதி செய்யப்பட்ட அதே பசுதான் என்பதும், அது பத்திரத்திற் கூறப்பட்ட ஒரு காரணத்தினாலேயே இறந்தது என்பதும், காப்புறுதி நடைமுறையில் இருந்த காலத்திலேயே இறந்தது என்பதும் நிரூபிக்கப்படல் வேண்டும். முதலாவதைக் காதுத்தகடு நிரூபிக்கும்; இரண்டாவதை மிருக வைத்தியரின் அத்தாட்சி நிரூபிக்கும்; மூன்றாவதைப் பத்திரத்திலுள்ள திகதிகள் நிரூபிக்கும். இம்மூன்றையும் பசு உயிரோடிருக்கும்போதே ஒழுங்குசெய்து வைத்தல் எவ்வாறு என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

1. காப்புறுதி எதற்கு உண்டு, எதற்கு இல்லை

இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை, பயிர்களுக்கு மட்டுமன்றிக் கால்நடைகளுக்கும் காப்புறுதி வழங்கும் அதிகாரமுடையது. வேறு காப்புறுதி நிறுவனங்களிடமிருந்தும் இதனைப் பெறலாம். மாடு வாங்குதற்கு வங்கியிற் கடன் எடுத்தவர்களிடம் வங்கியே காப்புறுதியைக் கேட்பதும் உண்டு. அவ்வாறாயின், பத்திரம் வங்கியில் இருந்தாலும் அதன் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி உங்கள் வீட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

இத்தகைய பத்திரங்கள் பொதுவாக நோய், விபத்து, மின்னல், வெள்ளம், கன்று ஈனும்போது நேரும் இடர் ஆகியவற்றால் உண்டாகும் மரணத்துக்கு ஈடு தருவன. மாடு களவுபோதல், காணாமற்போதல், உரியவர் தாமே இறைச்சிக்கு வெட்டுவித்தல், தீனியும் நீரும் இன்றிக் கவனிப்பாரற்று இறத்தல் என்பன பெரும்பாலும் ஈட்டுக்குள் அடங்குவதில்லை. பசு இறவாமல், பால் வற்றியோ கருத்தரிக்க இயலாமலோ போனால் அதற்கெனத் தனியான நிபந்தனை எழுதப்பட்டிருந்தாலன்றி எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு பத்திரத்திலும் இவ்விரு பட்டியல்களும் உண்டு. கையொப்பமிடுவதற்கு முன், ஈடு இல்லாதவற்றின் பட்டியலையே முதலில் வாசியுங்கள்; வாசிக்க இயலாவிடின் அதிகாரியைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள்.

தடுப்பூசி பற்றிய நிபந்தனையும் இங்கே கவனிக்கத்தக்கது. கால்வாய் நோய், தொண்டையடைப்பான் போன்றவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. தடுப்பூசி கிடைக்கும் நோய் ஒன்றினால் ஊசி போடப்படாத மாடு இறந்தால், கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஆகவே ஊசி போட்ட திகதியையும் மாட்டின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, ஊசி போட்டவரின் கையொப்பத்தையும் அதிற் பெற்றுக்கொள்ளுங்கள்.

2. முதலாவது வைத்தியர் அத்தாட்சி

காப்புறுதி கேட்டு விண்ணப்பிக்கும்போது மிருக வைத்தியர் பசுவை நேரிற் பார்வையிட்டு, அது நோயற்றது என அத்தாட்சி தருதல் வேண்டும். இவ்வத்தாட்சியில் இனம், நிறம், வயது, எத்தனையாம் ஈற்று, நாளொன்றுக்குக் கறக்கும் பாலின் அளவு, சினையாயின் எத்தனை மாதம், காதுத்தகட்டின் இலக்கம் என்பனவும் பசுவின் மதிப்பும் எழுதப்படும்.

வைத்தியர் வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியவற்றை மறையாமற் சொல்லுங்கள். ஒரு முலைக்காம்பு முன்னரே அடைபட்டிருந்தாலோ, முந்திய ஈற்றில் பாற்காய்ச்சல் கண்டிருந்தாலோ அதனை எழுதுவித்தல் உங்களுக்கே நன்மையாகும். முன்னிருந்த குறையை மறைத்தமை பின்னர் வெளிப்பட்டால், பத்திரம் முழுவதுமே செல்லாததாகிவிடலாம்.

மதிப்பைக் கூட்டிச் சொல்வதாலும் பயனில்லை. பசு இறந்த நாளில் அதற்குச் சந்தையில் இருந்த பெறுமதியும் காப்புறுதித் தொகையும் ஒப்பிடப்பட்டு, இரண்டிற் குறைந்த தொகையே கொடுக்கப்படுவது வழக்கம். மிகுத்துச் சொல்பவர் மிகுதியான கட்டுப்பணத்தைச் செலுத்துகின்றாரேயன்றி மிகுதியான ஈட்டைப் பெறுவதில்லை. கட்டுப்பணத்தை மிச்சப்படுத்த எண்ணிக் குறைத்துச் சொல்பவரோ, அக்குறைந்த தொகைக்கு மேல் ஒரு சதமும் பெறார்.

3. காதுத்தகடு

மாட்டுக்குக் குறிசுடுதல் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆயினும் குறி, மாடு யாருடையது என்பதை மட்டுமே காட்டும். ஒரே உரியவரின் பத்து மாடுகளுக்கும் ஒரே குறியே உண்டு. காதுத்தகடோ ஒவ்வொரு மாட்டுக்கும் வெவ்வேறான இலக்கம் உடையது. காப்புறுதி செய்யப்படுவது உரியவரின் பட்டியிலுள்ள ஏதேனும் ஒரு மாடன்று. குறித்த இலக்கத்தையுடைய ஒரு மாடே. ஆதலால் தகடில்லாத மாட்டுக்கு ஈடில்லை என்பதே பொதுவான விதியாகும்.

தகட்டைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டே குத்துவித்தல் வேண்டும். காதின் நடுப்பகுதியில், தடித்த இரு குருத்தெலும்பு வரம்புகளுக்கு இடையே, இரத்தக் குழாய் இல்லாத இடம் பார்த்துக் குத்துவர். காதின் ஓரத்துக்கு அண்மையிற் குத்தினால் வேலியிலோ மரக்கிளையிலோ மாட்டிக் காது கிழிந்து தகடு விழுந்துவிடும். கன்றுக்குக் குத்தும்போது காது வளர்ந்து தடிப்பதற்கு இடம் விடுதல் வேண்டும். இறுக்கமாகப் பொருத்தினால் தசை நசுங்கி அழுகும். குத்துமுன் காதையும் கருவியின் ஊசியையும் தொற்றுநீக்கி மருந்தினால் துடைத்தல் அவசியம்.

குத்திய பின்னர் இரு வாரங்கள் வரை காயத்தை நாள்தோறும் பாருங்கள். சிறிது வீங்கிச் சில நாட்களில் வற்றுவது இயல்பு. துர்நாற்றம், சீழ், மாடு ஓயாது தலையை உதறுதல், காது சூடாகித் தொங்குதல் என்பன காயம் கெட்டுவிட்டது என்பதற்கு அறிகுறிகள். ஈ மொய்த்துப் புழு வைத்த காதில் தகடு நிலைத்திராது. உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

தகடு விழுந்துவிட்டால் அதனைச் சிறிய காரியமாக எண்ணாதீர்கள். விழுந்ததைக் கண்ட அன்றே காப்புறுதி அலுவலகத்துக்கு அறிவித்து, மிருக வைத்தியரைக் கொண்டு புதிய தகடு குத்துவித்து, பழைய இலக்கத்துக்குப் பதிலாகப் புதிய இலக்கம் ஏற்பட்டது என்பதைப் பத்திரத்தில் எழுத்திற் பதிவித்துக்கொள்ளுங்கள். விழுந்த தகடு கிடைத்தால் அதனையும் பத்திரப்படுத்துங்கள். அதனை எடுத்து வேறொரு மாட்டுக்குக் குத்துவது குற்றமாகும்.

பசுவின் முழு உருவமும், தகட்டின் இலக்கம் தெளிவாகத் தெரியும்படி தலைப்பகுதியும் தனித்தனியாக நிழற்படம் எடுத்து வைப்பது நல்லது. நெற்றிச் சுட்டி, கொம்பின் வளைவு, கால்களின் வெண்மை முதலிய அங்க அடையாளங்கள் படத்தில் இருக்குமாயின், தகட்டைப்பற்றிச் சந்தேகம் எழும்போது அவை துணைசெய்யும்.

4. காத்திருப்புக் காலம்

கட்டுப்பணம் செலுத்திய நாளிலிருந்தே எல்லா மரணத்துக்கும் ஈடு கிடைக்கும் என எண்ணலாகாது. நோயினால் வரும் மரணத்துக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை ஈடு இல்லை எனப் பல பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கும். காரணம் எளிது. கால்வாய் நோய் தொற்றி, அறிகுறி வெளிப்படுவதற்கு 2 நாள் முதல் 14 நாள் வரை செல்லும். வைத்தியர் பார்வையிட்ட அன்று நலமாகத் தோன்றிய மாட்டின் உடலில் நோய்க்கிருமி முன்னரே புகுந்திருக்கலாம். ஊரில் நோய் பரவிய பின்னர் ஓடிச்சென்று காப்புறுதி செய்வது பயன்தராது என்பது இதனால் விளங்கும்.

இதே காரணத்தினால், ஆண்டு முடிந்து பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நாளேனும் இடைவெளி விடாதிருத்தல் வேண்டும். இடைவெளி விட்டால் புதிய பத்திரமாகக் கருதப்பட்டுக் காத்திருப்புக் காலம் மறுபடியும் தொடங்கலாம்.

5. பசு நோயுற்றால்

பசு நோயுற்ற உடனே மிருக வைத்தியரை அழைத்தல், பசுவைக் காப்பாற்றுதற்கு மட்டுமன்றி உங்கள் உரிமையைக் காப்பாற்றுதற்கும் வேண்டியதாகும். பாற்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். கன்று ஈன்ற முதல் 3 நாட்களுக்குள் பெரும்பாலும் வருகின்ற இந்நோய், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துத் திடீரெனக் குறைவதால் உண்டாவது. பசு எழமுடியாமற் படுத்து, கழுத்தை ஒரு பக்கமாக மடித்து, காதும் கால்களும் குளிர்ந்து மயங்கிக் கிடக்கும். உரிய நேரத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்தை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலான பசுக்கள் எழுந்துவிடும். ஏற்றாவிடிற் சில மணி நேரத்தில் இறந்துவிடலாம்.

இந்நோயால் இறந்த பசுவின் உடலை அறுத்துப் பார்த்தாலும், இதுவே காரணம் எனத் துணிந்து சொல்லத்தக்க தெளிவான அடையாளம் உள்ளுறுப்புகளிற் காணப்படுவதில்லை. உயிரோடிருக்கும்போது வைத்தியர் கண்டு எழுதிய குறிப்பும் கொடுத்த மருந்தின் சீட்டுமே சான்றாகும். வயிறு உப்புதலும் அவ்வாறே. எக்காரணத்தால் இறந்த மாட்டின் வயிறும் நமது வெப்பத்திற் சில மணி நேரத்துள் ஊதிவிடும்; ஊதிய வயிற்றைக் காட்டி உப்புசத்தால் இறந்தது என்று சொல்வது போதாது. ஆகவே வைத்தியர் தந்த ஒவ்வொரு சீட்டிலும் காதுத்தகட்டின் இலக்கத்தை எழுதுவித்து வாங்குங்கள்.

6. பசு இறந்துவிட்டால்

முதலில், தாமதமின்றிக் காப்புறுதி அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அறிவிக்க வேண்டிய கால எல்லை பத்திரத்தில் இருக்கும். சில பத்திரங்களில் அது ஒரு நாளே. தொலைபேசியில் அறிவித்தாலும், அறிவித்த நேரத்தையும் பேசிய அதிகாரியின் பெயரையும் எழுதி வையுங்கள். அதனோடு மிருக வைத்தியருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள்.

இரண்டாவதாக, வைத்தியர் வரும்வரை உடலை நிழலில் வைத்து, நாயும் காகமும் அணுகாமற் காவல் செய்யுங்கள். தோலை உரிக்கவோ காதை அறுக்கவோ உடலைப் புதைக்கவோ கூடாது. வெப்பத்தில் உள்ளுறுப்புகள் விரைவில் அழுகுவதால், பரிசோதனை எவ்வளவு விரைவில் நடக்கின்றதோ அவ்வளவுக்குக் காரணம் தெளிவாகும். தகடு காதிலிருக்கும் நிலையிலேயே படம் எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மாடு திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருமையான இரத்தம் கசிந்தால் அது அந்திராக்ஸ் நோயாக இருக்கலாம். அந்நோய் மனிதருக்கும் தொற்றுவது. அத்தகைய உடலைத் தொடவோ திறக்கவோ வேண்டாம். உடலைத் திறக்காமலே பரிசோதிக்கும் முறையை வைத்தியர் அறிவார்.

மூன்றாவதாக, பரிசோதனை முடிந்ததும் வைத்தியர் மரண அத்தாட்சி தருவார். அதில் இறந்த காரணம், திகதி, தகட்டு இலக்கம், இறக்கும்போது இருந்த மதிப்பு என்னும் நான்கும் உள்ளனவா என அங்கேயே பாருங்கள். தகட்டை எவ்வாறு ஒப்படைப்பது என்பதை அலுவலகத்திற் கேட்டு அவ்வாறே செய்யுங்கள். பின்னர் உடலை, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத மேட்டு நிலத்தில், ஆழமான குழியிற் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கோரிக்கைப் படிவத்தோடு பத்திரம், முதலாவது அத்தாட்சி, மருந்துச் சீட்டுகள், மரண அத்தாட்சி, படங்கள் ஆகியவற்றை இணைத்து, யாவற்றுக்கும் பிரதி வைத்துக்கொண்டு ஒப்படையுங்கள்.

7. ஓர் உதாரணம்

மேற்கூறியவை ஒன்றோடொன்று எவ்வாறு இணைகின்றன என்பதைக் காட்ட, வவுனியாப் பகுதியில் இரண்டு ஏக்கர் வயலும் இரண்டு பசுக்களும் உடைய ஒரு கமக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். கீழ்வரும் தொகைகளும் வீதங்களும் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை.

அவருடைய முதற் பசு மூன்றாம் ஈற்று யேர்சிக் கலப்பினம். அதன் மதிப்பு 200,000 ரூபா. கட்டுப்பணம் நூற்றுக்கு 5 வீதமாயின், ஆண்டுக்கு 10,000 ரூபா. சனவரி 10ஆந் திகதி பத்திரம் தொடங்கியது. காத்திருப்பு 14 நாட்கள். தகட்டு இலக்கம் 40217.

யூன் மாதத்தில் முட்கம்பி வேலியில் மாட்டித் தகடு அறுந்து விழுந்தது. மறுநாளே அவர் அலுவலகத்துக்கு அறிவித்தார். வைத்தியர் 40533 என்னும் புதிய தகட்டைக் குத்தினார். அலுவலகம் பத்திரத்தில் இலக்க மாற்றத்தைப் பதிந்து தந்தது. ஓகத்து 3ஆந் திகதி பசு கன்று ஈன்றது. 5ஆந் திகதி அதிகாலையில் எழமுடியாமற் கிடந்தது. காலையில் வந்த வைத்தியர் பாற்காய்ச்சல் எனக் கண்டு மருந்து ஏற்றினார். ஆயினும் நோய் முற்றியிருந்தமையால் நண்பகலுக்குள் பசு இறந்தது. அன்று பிற்பகலே அவர் அலுவலகத்துக்கு அறிவித்தார்; மாலையில் உடல் பரிசோதிக்கப்பட்டது.

இங்கே முதலாவது அத்தாட்சியில் உள்ள இலக்கம் 40217. இறந்த பசுவின் காதிலுள்ள இலக்கம் 40533. இவ்விரண்டையும் இணைப்பது யூன் மாதத்து ஒரு வரிப் பதிவு மட்டுமே. அது இல்லாதிருப்பின், இறந்தது வேறொரு பசு என்றே அலுவலகம் கொள்ளும். அவ்வாறே, பரிசோதனையில் தெளிவான அடையாளம் காணப்படாதபோதும், காலையில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டு காரணத்தை நிலைநாட்டியது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இறந்த நாளில் பசுவின் மதிப்பு 210,000 ரூபா என வைத்தியர் எழுதினார். காப்புறுதித் தொகை 200,000. இரண்டிற் குறைந்தது 200,000. நட்டத்திற் பத்திலொரு பங்கை உரியவரே ஏற்கவேண்டும் எனப் பத்திரம் கூறினால், 20,000 கழிய அவர் பெறுவது 180,000 ரூபா. அவருடைய இரண்டாவது பசு வயது முதிர்ந்தது. அதனை அவர் 150,000 ரூபாவுக்குக் காப்புறுதி செய்திருந்தார். பால் வற்றி மெலிந்து மதிப்பு 110,000 ஆகக் குறைந்தபின் அது இறந்தால், 11,000 கழிய 99,000 ரூபாவே கிடைக்கும். ஆகையால் பத்திரத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மதிப்பையும் புதிதாகக் கணித்தல் வேண்டும்.

8. மேய்ச்சல் நிலத்தில் விடப்படும் மாடுகள்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வட மாகாணத்திலும் கிழக்கு மாகாணத்திலும் புயல் காற்றோடு வந்த மழையையும் கடுங்குளிரையும் தாங்கமாட்டாது பெருந்தொகையான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. ஒரே இரவில் வெட்டவெளியிற் பல மாடுகள் இறக்கும்போது, ஒவ்வொன்றையும் அறிந்து இது இன்னாருடைய இன்ன மாடு என நிறுவுவதே முதற் சிரமமாகும். தகடும் படமும் கொப்பியும் உள்ளவர் அன்றே கோரிக்கை விடுக்கலாம். அவை இல்லாதவர் குறியை மட்டும் காட்டி எத்தனை மாடு இறந்தன எனச் சொல்லலாமேயன்றி, காப்புறுதி செய்த மாடு எது எனக் காட்ட இயலாது. மேய்ச்சலுக்கு விடும் கமக்காரர் தகடுகளை வாரத்துக்கு ஒருமுறை, பட்டிக்கு மாடுகள் திரும்பும் வேளையில், எண்ணிப் பார்த்தல் நன்று. மழைக்காலத்தில் ஒதுங்குவதற்கு மேடும் கூரையும் அமைத்தமை, கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டுக்கும் விடையாக அமையும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெறுங்கள். பத்திரத்தின் எந்த நிபந்தனை மீறப்பட்டது என அதிற் குறிப்பிடச் செய்யுங்கள். விடுபட்டது ஒரு சீட்டோ ஒரு கையொப்பமோ ஆயின், அதனைப் பெற்று மீண்டும் விண்ணப்பிக்க இடமுண்டு.

விண்ணப்பப் படிவங்களையும் இப்போதுள்ள கட்டுப்பண வீதங்களையும் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ காப்புறுதிச் சபையின் மாவட்ட அலுவலகத்திலோ விசாரித்து அறிந்துகொள்ளலாம். தகடு குத்துதல், தடுப்பூசி, அத்தாட்சி ஆகியவற்றுக்கு உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர் காரியாலயத்தை அணுகுக.